தொட்டியில் கிடந்த சண்டை

பாகான் நக்கோடா ஓமாரில் எங்கள் வீடு. இரண்டு அண்ணன்கள், இரண்டு அண்ணிகள், அம்மா, நான், மூன்று பிள்ளைகள். ஒன்பது பேருக்கு ஒரே அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரே தொட்டி. அண்ணிகளுக்குள் மனஸ்தாபம் என்றால் பக்கத்து வீட்டில் முதலில் கேட்பது, யார் சமையல் ருசி என்பதுதான். எங்கள் வீட்டுச் சண்டைக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லை. அது தொட்டியில் கிடந்தது.

பெரியண்ணிக்குச் சமையல், சின்னண்ணிக்குக் கழுவுவதும் கூட்டுவதும் என்று அம்மா பிரித்திருந்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சமைக்கிறவர் கழுவப்போவதில்லை என்றால் பாத்திரத்துக்குக் கணக்கே கிடையாது. தேங்காய்ப்பால் பிழிய ஒரு சட்டி, வடிகட்ட இன்னொன்று. நெத்திலி பொரித்த வாணலி அப்படியே கிடக்கும், சம்பலுக்குப் புது வாணலி ஏறும். ஒரு மத்தியானம் எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்ட தட்டுகள் போக 14 பாத்திரங்கள். சாப்பிட்டவர்கள் "சம்பல் சூப்பர் அண்ணி" என்பார்கள். தொட்டி சுத்தமாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

சின்னண்ணி நேரடியாகக் கேட்கமாட்டார். பூனையைப் பிடித்துக்கொள்வார். "ஒனக்கென்னா, நக்கிட்டுப் போயிருவ. கழுவுறவளுக்குத்தான் இடுப்பு போவுது." பெரியண்ணி குழம்புச் சட்டி மூடியை ஓங்கி வைப்பார். அவர் பக்கமும் பொய்யில்லை. விடியற்காலை 4:30க்கு எழுந்து செம்பனைக் காட்டுக்குப் போகிறவர்களுக்குத் தூக்குச்சட்டி கட்டி, பிள்ளைகளைப் பசியாற வைத்து, மறுபடியும் அடுப்பில் நிற்பவர் அவர்.

கடைசியில் அம்மா வேலையைப் பிரிக்காமல் நாளைப் பிரித்தார். ஒரு நாள் முழுக்க ஒருவர், சமையலும் கழுவுவதும் சேர்த்து. இரவு அடுக்களையை ஒப்படைக்கும்போது தொட்டி காலியாக இருக்கவேண்டும், அடுப்பு துடைத்திருக்கவேண்டும். இரண்டே வாரத்தில் பெரியண்ணியின் 14 பாத்திரங்கள் எட்டாகிவிட்டன. நெத்திலி பொரித்த அதே வாணலியில், அதே எண்ணெயில் சம்பல் வெந்தது. ருசி கூடியதே தவிரக் குறையவில்லை. ஒன்பது பேருக்கு உலை வைத்துப் பார்த்த சின்னண்ணியும் பூனையை விட்டுவிட்டார்.

அதுவும் ரொம்ப நாள் ஓடவில்லை. சின்னண்ணி சுங்கை பெசாரில் வேலைக்குப் போக ஆரம்பித்ததும், அவர் முறை நாளில் பாதி வேலை பெரியண்ணி தலையில் விழுந்தது. சம்பளம் கொண்டு வருகிறவள், வீட்டில் இருக்கிறவள் என்ற பேச்சு வந்தது. மூடி மறுபடியும் சத்தம் போட்டது.

ஒரு ராத்திரி அம்மா புதுக் கணக்குப் போட உட்கார்ந்தார். ஞாயிறு யாருக்கு, செவ்வாய் யாருக்கு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணன்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, ஆம்பளைங்க நாளு எது?" என்றார் சின்னண்ணி.

அம்மா விரலை மடக்கிக்கொண்டார். டிவி சத்தம் கொஞ்சம் குறைந்தது. பெரியண்ணி சின்னண்ணியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த அடுக்களையில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததேயில்லை.