கிழித்துத் திருப்பித் தரும் சீட்டு

விமான நிறுவனமொன்றின் பாதுகாப்புப் பிரிவில் விமானிகள் எழுதி அனுப்பும் அறிக்கைகளைப் படிப்பது என் வேலை. தன் தவற்றைத் தானே எழுதிக் கொடுக்கும்படி ஒரு நிறுவனம் ஏன் கேட்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், 1974 டிசம்பர் 1 அன்று நடந்ததைச் சொல்வேன்.

அன்று டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் விமானம் அமெரிக்காவின் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிலையம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கும்போதே, அப்ரோச்சுக்கு அனுமதி என்று கட்டுப்பாட்டு அறை சொல்லிவிட்டது. அப்படியென்றால் 1,800 அடிவரை இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். வழியில் மலை இருப்பது வரைபடத்தில் இருக்கிறது, உயரத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். விமானம் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே அனுமதியை அதே விதமாகப் புரிந்துகொண்டு, அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் அதை மறைக்கவில்லை. தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அந்த எச்சரிக்கை டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

நாடு முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு வேண்டும் என்று 1975இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. ஒன்றைத் தொடங்கியது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே போய் யார் தன் தவற்றைச் சொல்வார்? அதனால் 1976இல் அறிக்கைகளைப் பெறும் பொறுப்பு நாசாவிடம் போனது. நாசாவுக்கு எந்த விமானியையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது.

அங்கே படிவத்தின் ஒரு பகுதியில்தான் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். ஆய்வாளர் படித்துவிட்டு, தேவைப்பட்டால் எழுதியவரை அழைத்துப் பேசுவார். பிறகு அந்தப் பகுதியைக் கிழித்து, தேதி முத்திரையோடு எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாசாவிடம் பெயர் எதுவும் தங்காது. சம்பவம் நடந்து பத்து நாளுக்குள் அனுப்பியிருந்தால், பின்னால் எஃப்.ஏ.ஏ. நடவடிக்கை எடுக்க வரும்போது அந்தச் சீட்டைக் காட்டலாம். விதிமீறல் என்று பதிவாகலாம். ஆனால் அபராதமோ உரிம முடக்கமோ வராது. வேண்டுமென்றே செய்ததற்கும், குற்றச் செயலுக்கும், விபத்துக்கும் இந்தச் சலுகை இல்லை.

மொட்டைக் கடிதத்தை விடப் பெயரோடு வரும் ரகசிய அறிக்கை எனக்குப் பயன்படுவதும் இதனால்தான். எழுதியவரிடம் திரும்பக் கேட்க முடியும். ஒரு வகை அறிக்கையைப் பாருங்கள். கட்டுப்பாட்டு அறை 11,000 அடிக்கு இறங்கச் சொல்கிறது. விமானி 10,000 என்று வைத்துவிடுகிறார். விமானத் தரவுப் பதிவில் ஒழுங்கான ஓர் இறக்கம் மட்டுமே தெரியும். எவ்வளவுக்கு அனுமதி என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. விமானியை அழைத்துக் கேட்டால்தான் காரணம் வரும்: ஆங்கிலத்தில் 'ஒன் ஒன்', 'ஒன் ஜீரோ' என்று ஒலிக்கும் இரண்டு எண்கள்; 10,000 அடிக்குக் கீழே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதால் மனம் ஏற்கெனவே அந்த எண்ணில் நிற்கிறது; அதே நேரம் கேபினிலிருந்து ஓர் அழைப்பு. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால், இறக்கத்தின்போது கேபினிலிருந்து எப்போது அழைக்கலாம் என்பதை மாற்றலாம். விமானியைத் தண்டித்தால் எதுவும் மாறாது. அடுத்தவர் எழுத மாட்டார், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னிப்பதில்லை. அதே தகுதியுள்ள இன்னொருவர் அதே இடத்தில் இருந்திருந்தால் இதையே செய்திருப்பாரா என்று கேட்டுப் பார்ப்போம். ஆம் என்றால் கோளாறு முறையில் இருக்கிறது. சரிபார்ப்புப் பட்டியலைத் தெரிந்தே வாசிக்காமல் விட்டவருக்கும், குடித்துவிட்டு வந்தவருக்கும் அந்தப் பதில் பொருந்தாது.

ஒரு நிறுவனத்தில் இந்த ஏற்பாடு செத்துவிட்டதை அறிக்கைகளின் எண்ணிக்கை காட்டாது. பறவை மோதியது, படிக்கட்டு தாமதமாக வந்தது, ரேடியோ இரைந்தது என்று அறிக்கைகள் குவிந்துகொண்டே இருக்கும். கருவியில் எப்படியும் மாட்டிக்கொள்ளும் தவறுகளும் முந்திக்கொண்டு வந்து சேரும். எழுதியவர் வாய் திறக்காவிட்டால் யாருக்குமே தெரியாமல் போயிருக்கும் தவறுகள் மட்டும் வராது. என் மேசைக்கு அந்த வகை வருவது நின்றால், விமானிகள் தவறு செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று பொருளில்லை. எங்களை நம்புவதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் பொருள்.