ஒரு மேடா, இரண்டு மேடா?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். புள்ளியியல் கற்பிக்கும் நான் மாணவர்களை அங்கே அழைத்துப் போனதற்கு அந்தத் தொடர்ச்சிதான் காரணம். திரும்பியதும், 2008 டிசம்பரில் தொடங்கி 2019 டிசம்பரில் முடிந்த 24-ஆம் சூரியச் சுழற்சியின் மாதாந்தரச் சூரியப்புள்ளி எண்ணிக்கைக்கு ஒரு ஸ்ப்ளைன் வளைகோடு பொருத்தினோம்:

```
gam(s ~ s(t, k = 40), method = "REML")
```

t மாத வரிசை எண், s புள்ளி எண். வந்த கோட்டில் ஏகப்பட்ட நெளிவுகள். "சார், இதுல எத்தனை மேடுன்னு சொல்றது?" என்றாள் ஒரு மாணவி. வளைகோட்டை வாயால் சொல்ல நான் கற்றது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

முதலில் நெளிவுகளைச் சோதித்தோம். பெரிய புள்ளிக் கூட்டங்கள் சில வாரங்கள் நிலைக்கும். சூரியன் ஏறத்தாழ 27 நாளில் ஒரு சுற்று முடித்ததும் மறுபடி கண்ணில் படும். அதனால் ஒரு மாதம் கூடுதலாக இருந்தால் அடுத்த மாதமும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். மேலே உள்ள கட்டளைக்கு இது தெரியாது. மாதங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டு, அந்த ஒட்டுறவையும் வடிவமாகவே வரைந்துவிடும். k-ஐக் குறைத்து நெளிவை அடக்கியபோது, எச்சங்களின் acf படத்தில் அந்த ஒட்டுறவு அப்பட்டமாகத் தெரிந்தது. அதை மாதிரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும்:

```
gamm(s ~ s(t, k = 40), correlation = corAR1(form = ~ t))
```

இப்போது கோடு மென்மையாகும், அதன் நம்பிக்கைப் பட்டை அகலமாகும். எங்கள் கோட்டில் இரண்டு மேடுகள் மிஞ்சின. மேடு உண்டா என்பதை நான் கோட்டின் உயரத்தை வைத்து முடிவு செய்வதில்லை, சரிவைப் பார்க்கிறேன். சரிவின் பட்டை முழுவதும் பூச்சியத்துக்கு மேலே இருந்தால் ஏற்றம், முழுவதும் கீழே இருந்தால் இறக்கம். பூச்சியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாதங்களைப் பற்றி "ஏறுகிறதா இறங்குகிறதா என்று இந்தத் தரவு சொல்லவில்லை" என்றுதான் எழுத வேண்டும். இரு உச்சங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை.

ஆனால் இரண்டு மேடு ஏன் வந்தது என்பதற்குக் கோட்டில் பதில் இல்லை. சூரியனின் வட, தென் அரைக்கோளங்களைத் தனித்தனியாகப் பொருத்திய பிறகே அது விளங்கியது. வட பாதி 2011 இறுதியை ஒட்டி உச்சம் தொட்டது. தென் பாதி 2014-இல்தான் தொட்டது. காலம் தள்ளி வந்த இரு எழுச்சிகளின் கூட்டுத்தொகையே மொத்தக் கோட்டின் இரட்டை மேடு.

படத்துக்குக் கீழே, கேள்வி கேட்ட மாணவியையே எழுதச் சொன்னேன். கோட்டின் விடுதலைப் படி எண் எதுவும் அதில் இல்லை: "2008 இறுதியில் ஏறக்குறைய வெறுமையாக இருந்த சூரியனில் புள்ளிகள் 2012 தொடக்கம் வரை பெருகின, பிறகு சற்றுக் குறைந்து மீண்டும் பெருகி, 2014 ஏப்ரலை ஒட்டி உச்சம் கண்டு, 2019 இறுதி வரை தணிந்தன. முதல் உச்சத்தில் வட பாதியின் பங்கு அதிகம், இரண்டாவதில் தென் பாதியின் பங்கு அதிகம்."