வெயிலில் போட்டால் போதுமா?

செஞ்சியில் பங்குனி பிறந்ததும் மெத்தைகளும் தலையணைகளும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுகின்றன. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விடாத ஊர் இது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் போட்டு, மாலையில் நாலு தட்டு தட்டி உள்ளே கொண்டுவந்தால் வியர்வை வாடையும் போயிற்று, பூச்சியும் செத்தது என்பது வீடுகளின் கணக்கு. பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து அடித்துத் தருகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. வெயில் எட்டிய இடத்தில் பூச்சியைக் கொல்லும்; பூச்சி விட்டுச் சென்றதை அகற்றாது. ஒவ்வாமை வருவதோ பெரும்பாலும் அந்த மிச்சத்தால்தான்.

வீட்டுத் தூசியில் தும்மலையும் இழுப்பையும் கிளப்புவது முக்கியமாகத் தூசுப்பூச்சிதான் என்று நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 1964இல் எடுத்துக்காட்டினார்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர். நம் உடலிலிருந்து உதிரும் தோல்செதில்தான் அதற்குச் சாப்பாடு. அது கடிப்பதில்லை. நாளுக்குச் சுமார் இருபது எச்சத் துணுக்குகள் போடும். நம் மூக்கை உறுத்தும் புரதம் அந்த எச்சத்தில் இருக்கிறது என்பது 1981இல் தெரியவந்தது. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும், சித்திரைக் காய்ச்சலில் வற்றிச் சாகும். ஆனால் பூச்சி செத்தாலும் எச்சம் பஞ்சுக்குள்ளேயே கிடக்கும். அந்தப் புரதம் நாள்பட்டாலும் லேசில் சிதையாது. நல்ல வெயிலில் போட்ட கம்பளத்தில் பூச்சிகள் முழுக்கச் செத்ததை ஆஸ்திரேலியாவில் 1994இல் பதிவு செய்திருக்கிறார்கள். கம்பளம் மெல்லியது. ஆறு விரல் கனமுள்ள மெத்தையின் கதை வேறு. இலவம்பஞ்சு இழை நடுவில் குழலாக, காற்றை அடைத்துக்கொண்டிருப்பது. சூட்டை உள்ளே விடாது. மேல்துணி கை வைக்க முடியாதபடி கொதித்தாலும் நடுப்பஞ்சு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்; பூச்சி அங்கே ஒதுங்கிக்கொள்ளும்.

பிரித்து அடிக்கும் வேலையின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. முதலில் மெத்தையை எடை போடுகிறார்கள். குறுக்கே இழுத்துக் கட்டிய முடிச்சுகளை அறுத்து, ஒரு பக்கத் தையலைப் பிரித்து, பஞ்சைத் தார்ப்பாயில் கொட்டிக் கையளவு கனத்துக்குப் பரப்புகிறார்கள். இப்போதுதான் வெயில் ஒவ்வொரு இழைக்கும் போய்ச் சேருகிறது. மணிக்கொருமுறை மூங்கில் கழியால் புரட்டுவார்கள். வியர்வை இறங்கிய இடம் சொல்லாமலே தெரியும்: மஞ்சளித்து, அப்பளம்போல் தட்டையாக ஒட்டியிருக்கும். பிறகு அடிப்பது. முன்பு இது வில்லின் வேலை. அந்தத் தொழிலால் அறியப்பட்ட தூதேகுலா சமூகம் தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. இப்போது முள் பதித்த உருளை சுழலும் மோட்டார் மெஷின். ஒருபுறம் கட்டியாகப் போகும் பஞ்சு மறுபுறம் மேகமாக வருகிறது. கீழே சாம்பல் நிறத்தில் தூள் குவிகிறது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உடைந்த இழை, மண், தோல்செதில், பூச்சி எச்சம் எல்லாம் கலந்தது அது. பத்துக் கிலோ மெத்தை ஒன்பதரைக் கிலோவாக இறங்கினால், மாடியில் எத்தனை நாள் காயவைத்தும் அசையாத அரைக் கிலோ வெளியே வந்திருக்கிறது என்று பொருள். முழுவதும் அழுக்கு என்று சொல்ல மாட்டேன், நொறுங்கிய பஞ்சும் அதில் உண்டு. இலவம் இழை உடையும் சாதி. அதனால்தான் அதை நூலாக நூற்பது கடினம். அடிக்க அடிக்கத் தேயும் என்பதால் வருடா வருடம் அடிப்பது வீண். அடித்த பஞ்சை ஒரு பிடி இறுக்கிவிட்டால் உடனே எழும்ப வேண்டும். எழும்பாமல் விரலில் மாவாக ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது.

தலையணைக்கு இதே வைத்தியம் செல்லாது. இலவம்பஞ்சின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரைத் தள்ளும். மிதக்கும் என்பதால்தான் முன்பு கப்பல் உயிர்காப்புச் சட்டைகளில் அடைத்தார்கள். ஆனால் எண்ணெயை அள்ளிக் குடித்துவிடும். தேங்காயெண்ணெய் தடவிய தலை நாள்தோறும் சாய்ந்தால் தலையணையின் நடுவில் எண்ணெய் இறங்கிச் சிக்கு வாடை பிடிக்கும். வெயில் பட்டால் அது குறையாது, இன்னும் கெடும். அடித்தால் எண்ணெய்க் கட்டி நல்ல பஞ்சோடு கலந்து மொத்தமும் நாறும். அந்தக் கட்டியைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் புதுப்பஞ்சு சேர்ப்பதே வழி. போடி பக்கத்துப் புதுப்பஞ்சு கோடையில்தான் வரும். வாங்குகிறவர் ஒரு பிடியைத் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் பார்க்கலாம்: இலவம் மேலே வந்து நிற்கும், மில் கழிவுப் பருத்தி கலந்திருந்தால் அது நனைந்து அமிழும். தலையணையை அப்படியே துவைக்கப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உறை காய்ந்துவிடும், உள்ளே கட்டியான பஞ்சு காயாது, பூஞ்சை பிடிக்கும். வாடைக்கு மருந்து தேடிப் போய் இன்னொரு ஒவ்வாமையை வாங்கிவருவதுதான் மிச்சம்.

இவ்வளவு பாடுபட்டும் பலன் உண்டா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 54 ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, பூச்சி ஒழிப்பு முறைகளால் ஆஸ்துமாவில் நிச்சயமான பலன் தெரியவில்லை என்றது. ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் புரதத்தின் அளவு போதிய அளவு இறங்கவே இல்லை என்ற மறுப்பும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2017இல் வந்த ஆய்வு ஒன்றில், பூச்சி நுழைய முடியாத நெருக்கமான நெசவுள்ள உறை போட்ட குழந்தைகள், இழுப்புக்காக மருத்துவமனைக்குப் போவது குறைந்தது. அரைகுறைச் சுத்தம் உதவாது என்றுதான் இதை நான் படிக்கிறேன். பிரித்து அடித்த பஞ்சைப் பழைய உறையிலேயே திணிப்பது அந்த அரைகுறைதான். உறையை 60 டிகிரிச் சுடுநீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும்; அல்லது நெருக்கமான துணியில் புது உறை தைக்க வேண்டும். ஃபோம் மெத்தை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பது இன்னொரு வாதம். அதிலும் பூச்சி வளரும், பிரிக்கத்தான் முடியாது. கடும் வெயிலில் நெடுநேரம் போட்டால் ஃபோம் மஞ்சளித்து உதிரும். அதற்கு உறையும் விரிப்பும்தான் கதி.

எனக்குப் பதில் கிடைக்காத ஆட்சேபம் வேறு. வீட்டு மூக்குக்குப் போகாத தூசி அடிக்கிறவர் மூக்குக்குப் போகிறது. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது. தெருவோரம் வண்டியில் மெஷின் வைத்து அடிப்பவருக்கு ஆலையும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. வாயில் கட்டிய துண்டு பெருந்தூளைத் தடுக்கும், நுண்தூளைத் தடுக்காது. காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதும், மெஷின் வாய்க்கு ஈரச்சாக்கு கட்டுவதும், என்-95 முகக்கவசம் போடுவதும் கொஞ்சம் குறைக்கும். கூலியோடு முகக்கவசக் காசையும் சேர்த்துக் கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த வண்டியைத் தேடிப் போய்விடுவார் என்கிறார்கள். அதே வாடிக்கையாளர் இழுப்புள்ள பிள்ளையை மெஷின் பக்கத்தில் வேடிக்கை பார்க்க விடுவதையும் பார்க்கலாம். பிள்ளையை அனுப்பிவிட்டு, வீட்டுச் சன்னல்களைச் சாத்திவிட்டு, தூளை மூட்டையாகக் கட்டியபின் திறப்பது வீட்டுக்காரர் வேலை. தைத்த மெத்தையை அன்றே உள்ளே கொண்டுபோகாமல் இன்னொரு பகல் காயவிடச் சொல்கிறார்கள், ஏனென்றால் அடிக்கும்போது மாலைக் காற்றின் ஈரம் பஞ்சில் ஏறியிருக்கும்.