கம்பளிக்குள் காற்று போகும் வழி

வெயில் காலத்துக்குக் கோட்டுத் துணி எடுக்க வருபவர் முதலில் துணியைக் கையில் தூக்கி எடை பார்ப்பார். லேசாக இருந்தால் குளுமையாக இருக்கும் என்பது கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் பொதுவான நம்பிக்கை. இங்கிலாந்தில் மேற்கு யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலைகளில் நூல் முறுக்கும் இடத்திலிருந்து துணியைச் சுருட்டிக் கட்டும் இடம் வரை நடந்து பார்த்தால், அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. ‘டிராபிகல்’ என்று விற்கப்படும் கம்பளி, ஒன்றரை மீட்டர் அகலத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய 210 முதல் 280 கிராம் வரை இருக்கும். ஆனால் 220 கிராம் துணி ஒன்று புழுங்க வைப்பதும், 280 கிராம் துணி ஒன்று காற்றாட இருப்பதும் சாதாரணமாக நடக்கிறது. இரண்டு நூல்களுக்கு நடுவே எவ்வளவு இடம் திறந்திருக்கிறது, உடுத்தி, நனைந்து, இஸ்திரி போட்ட பிறகும் அது திறந்தே இருக்கிறதா என்பதை வைத்துத்தான் குளுமையைச் சொல்ல முடியும் என்பது என் முடிவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராமுக்கு 30 மீட்டர் ஓடும் இரட்டை நூல். சென்டிமீட்டருக்குப் பாவில் 20 இழை, ஊடையில் 18 இழை. ஒன்று மேல், ஒன்று கீழ் என்று போகும் சாதா நெசவு. இந்தத் துணி மீட்டருக்கு 200 கிராமை ஒட்டி வரும். நூலை இறுக முறுக்கியிருந்தால் அது உருண்டையாக, சுமார் 0.22 மில்லிமீட்டர் தடிமனில் நிற்கும். துணிப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வெறும் இடைவெளி. அதே நூலைத் தளர முறுக்கி, ஆவியிலும் அழுத்தத்திலும் 0.35 மில்லிமீட்டருக்குப் படர விட்டால், இடைவெளி ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எடை மாறவில்லை, இழைக் கணக்கும் மாறவில்லை. தளர்ந்த நூலிலிருந்து கிளம்பும் பிசிறு மிச்சமிருக்கும் ஓட்டையையும் அடைக்கும் என்பதால், நடைமுறையில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. சாய்கோடு விழும் ட்வில் நெசவில் இழைகள் ஒன்றையொன்று கடப்பது குறைவு. அதனால் அவை நெருங்கி அடைந்துகொள்ளும். சாதா நெசவில் ஒவ்வொரு இழையும் அடுத்ததைத் தள்ளியே நிறுத்துகிறது. குறைந்த இழையோடு துணி குலையாமல் நிற்பதற்கும் அதுவே காரணம்.

ஆகவே வேலை முறுக்கில் தொடங்குகிறது. ஹடர்ஸ்ஃபீல்டின் மார்ட்டின் சன்ஸ் நிறுவனம் 1907இல் ‘ஃப்ரெஸ்கோ’ என்ற பெயரைப் பதிவு செய்து விற்ற துணியின் சூட்சுமமும் இதுதான்: பல புரி சேர்த்து இறுக முறுக்கிய நூல், திறந்த சாதா நெசவு. இறுக முறுக்கிய நூல் லேசில் அடங்காது. பதப்படுத்தாத நூலை இரண்டு கைக்கு நடுவே பிடித்துச் சற்றுத் தளர்த்தினால் போதும், தன்மேல் தானே சுற்றிக்கொண்டு சுருளும். அப்படியே தறிக்குப் போனால் ஊடையில் முடிச்சு முடிச்சாக விழும். அதனால் நூல் உருளைகளை நீராவியில் வைத்து முறுக்கைப் படிய வைக்கிறார்கள். எவ்வளவு முறுக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் நூலின் வலு குறையும். துணி தோலில் உரசும். திறந்த நெசவுக் கம்பளியின் மொறமொறப்பைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். அந்த மொறமொறப்பு இல்லாமல் ஓட்டை நிற்காது; மெத்தென்றும் இருக்க வேண்டும், காற்றும் புக வேண்டும் என்பது நடக்கிற காரியமல்ல.

தறியிலிருந்து இறங்கிய துணி அடுத்துப் போவது பழுது பார்க்கும் பெண்களிடம். பெரும்பாலும் பெண்களே செய்துவரும் வேலை இது. சரிந்த மேசையில் வெளிச்சத்துக்கு எதிரே துணியை இழுத்துப் போட்டு, முதலில் விரல் நுனியால் தடவிப் பார்க்கிறார்கள். முடிச்சு கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. சின்ன இடுக்கியால் முடிச்சை மேலே எடுத்து அவிழ்த்து, அறுந்த இழையின் இடத்தில் அதே நூலை ஊசியில் கோத்து, மேல் கீழ், மேல் கீழ் என்று நெசவையே கையால் மறுபடி நெய்கிறார்கள். அடர்ந்த குளிர்காலத் துணியில் சின்னக் குறையைப் பிறகு எழும் ரோமம் மூடிவிடும். இங்கே மூட எதுவும் கிடையாது. ஓர் இழை தவறினால் துணி நெடுக வெளிச்சக் கோடு விழும்; ஊசியைக் கொஞ்சம் இறுக்கி இழுத்தாலும் பக்கத்து ஓட்டைகள் கோணும். காற்றாடும் துணிக்கு ஏன் இந்த விலை என்று கேட்பவர்களுக்கு இந்த மேசையைத்தான் காட்ட வேண்டும். நூல் குறைவாகச் செலவானாலும் கைவேலை குறைவதில்லை.

பிறகு வரும் பதனிடும் வேலையில், செய்யாமல் விடுவதும் வேலையின் பகுதியே. பிசிறைப் பொசுக்கத் துணியைத் தீச்சுடரின் மேல் வேகமாக ஓட்டுகிறார்கள். கொதிநீரில் இழுத்துப் படிய வைத்து, அலசி உலர்த்துகிறார்கள். குளிர்காலத் துணியைச் சோப்பு நீரில் அடித்துக் கெட்டிப்படுத்தும் கட்டத்துக்கு இதைக் கொண்டுபோவதில்லை; போனால் இழைகள் பின்னிக்கொண்டு நெய்த ஓட்டையெல்லாம் மூடிவிடும். அழுத்தி மெருகேற்றுவதையும் அளவோடு நிறுத்துகிறார்கள். கடையில் பளபளக்கும் மெல்லிய துணியைக் கண்டால் எனக்கு முதலில் எழும் சந்தேகம், அதன் நூலைத் தட்டையாக்கிவிட்டார்களோ என்பதுதான். வாயருகே பிடித்து ஊதிப் பார்க்கலாம்: மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு படவில்லையென்றால், எடைச் சீட்டு என்ன சொன்னாலும் அது வெயிலுக்கு ஆகாது.

ஓட்டைதான் விஷயமென்றால் பருத்தியையோ லினனையோ திறப்பாக நெய்தால் போதாதா, கம்பளி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, திறந்த லினன் குளுமையானதுதான். ஆனால் உட்கார்ந்து எழுந்தால் அது கசங்கியே கிடக்கும். கம்பளி இழை இயல்பிலேயே சுருண்டது; வளைத்தால் மீண்டு வரும், இரவு முழுக்கத் தொங்கவிட்டால் கசங்கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். ஓட்டையும் அதனால்தான் நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் நனைந்ததாகத் தோன்றாது என்பது உண்மை. ஆனால் அதனால் உடம்பு குளிரும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும்போது கம்பளி வெப்பத்தை வெளியிடுகிறது. அதன் பலன், வியர்வை தோலில் தேங்கி ஒட்டாமல் இருப்பது; வெப்பத்தை வெளியே கொண்டுபோவது காற்றுதான்.

இன்னும் வலுவான ஆட்சேபம், சென்னை போன்ற ஊரிலிருந்து வரும். காற்றே ஈரமாக, அசையாமல் நின்றால் ஓட்டை என்ன செய்யும்? குறைவாகவே செய்யும். நடக்கையில் கோட்டுக்கும் சட்டைக்கும் நடுவிலுள்ள காற்று மாறும். மண்டபத்து மின்விசிறி உள்ளே எட்டும். வைகாசி வரவேற்பில் பாலியெஸ்டர் கோட்டோடு மேடையில் நிற்கும் மாப்பிள்ளைக்கு அதுகூடக் கிடையாது. ஆனால் சட்டையோடு மட்டும் நிற்பவரைவிடக் கோட்டுக்காரர் குளுமையாக இருப்பார் என்று யாரும் உறுதி தர முடியாது.

கடைசியில் எல்லாம் தையல்காரர் கையில். முதுகு முழுக்கப் பாலியெஸ்டர் லைனிங் வைத்துவிட்டால் முறுக்கியதும், ஊசியால் நெய்ததும் வீண். தோளிலும் கையிலும் மட்டும் லைனிங் வைத்து, முதுகை விட்டுவிடச் சொல்ல வேண்டும். கைக்கு விஸ்கோஸ் போதும். திறந்த நெசவில் இழை தையலிலிருந்து வழுக்கி விலகும் என்பதால் தையலுக்கு உள்ளே விடும் துணியைத் தாராளமாக விட்டு, ஓரத்தைப் பிரியாமல் கட்ட வேண்டும். வெளிர் நிறத்தில் பேண்ட் தைத்தால் உள்ளே பாக்கெட் துணி தெரியும். அதற்கு அழுத்தமான நீலமோ சாம்பலோ எடுப்பது நல்லது. முழங்கால் தொங்குவதைத் தடுக்கத் தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை முன்பக்கம் மட்டும் மெல்லிய உள்துணி கொடுத்தால் போதும்.