அதே முப்பத்தைந்து

அக்காவுக்கு பூதப்பாண்டிப் பக்கம் தொடக்கப்பள்ளி. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றுக்கும் தனித்தனிப் பயிற்சித்தாள் எழுத ஒரு ராத்திரி போகும். செயற்கை நுண்ணறிவு அதைப் பத்து நிமிடமாக்கிவிட்டது. (எமிஸ் பதிவேற்றம் அப்படியேதான் கிடக்கிறது.)

திருத்தும்போது 42 - 17 = 35 என்று இரண்டு தாள்கள். கடன் வாங்காமல், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறார்கள். இதை இயந்திரமே சொல்லிவிடும். என் மென்பொருளும் விடையை மட்டும்தான் பார்க்கும்.

"எப்படிலே செஞ்ச மக்கா?" என்று இருவரையும் கேட்டாள் அக்கா.

"ரெண்டுல ஏழு போவாதுல்லா டீச்சர், அதான் திருப்பிக் கழிச்சேன்" என்றான் ஒருவன். அவனுக்குப் பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால் போதும். மற்றவன் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் பார்த்து எழுதியவன். 17 என்றால் ஒரு பத்தும் ஏழும் என்பதே அவனுக்குத் தெரியாது. அவனை அரும்பில் உட்காரவைத்து, முதலில் குச்சிகளை எண்ணச் சொன்னாள்.