சாக்ஸை வாங்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

2,000 ரூபாய் கொடுத்து ஷூ வாங்குகிறவர்கள்கூட, சாக்ஸ் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆனால் நாள் முழுவதும் தோலோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஷூ அல்ல, சாக்ஸ்தான். காலில் கொப்புளம் வருவதும், மாலையில் ஷூவைக் கழற்றியதும் நாற்றம் அடிப்பதும் பெரும்பாலும் அந்த மெல்லிய துணியில்தான் முடிவாகிறது.

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருப்பவருக்கு இது 53 வயதில்தான் புரிந்தது. காலை 8 மணிக்கு ஷூ போட்டால் இரவு 8 மணிக்குத்தான் கழற்றுவார். பாதி நேரம் கேட் அருகே நிற்பார், மீதி நேரம் வளாகத்தைச் சுற்றி நடப்பார். கம்பெனி கொடுத்தது கறுப்புத் தோல் ஷூ. சாக்ஸ் அவருடைய பாடு. நடைபாதைக் கடையில் 3 ஜோடி 100 ரூபாய்க்கு வாங்கிய மெல்லிய நைலான் சாக்ஸைத்தான் போட்டுவந்தார்.

முதலில் குதிகாலின் பின்பக்கம் கொப்புளம் வந்தது. பிறகு பாதத்தின் முன்பகுதியில், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் வந்தது. நாற்றத்தின் காரணமாக, பார்சல் கொடுக்கப் போனால் யார் வீட்டு வாசலிலும் ஷூவைக் கழற்ற மாட்டார். இவை இரண்டையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உடைந்த கொப்புளம் ஒன்று 2 வாரம் ஆகியும் ஆறாமல் சீழ் வைத்தது. "காலை விட்டுவிடாதீர்கள், அடுத்த முறை இது சின்னப் புண்ணாக இருக்காது" என்று மருத்துவர் சொன்னபோதுதான் பயம் வந்தது.

அவர் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். மெல்லிய சாக்ஸ் உறுத்துகிறது என்று நினைத்து, தடிமனான 'சுத்தமான காட்டன்' சாக்ஸ் வாங்கினார். பருத்திதான் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது என்பது பொதுவான நம்பிக்கை. சட்டைக்கு அது சரி. மூடிய ஷூவுக்குள் கதை வேறு. காலையில் சுகமாக இருந்த சாக்ஸ், மதியத்துக்குள் நனைந்து, நெகிழ்ந்து, குதிகாலுக்குக் கீழே சுருண்டது. கொப்புளம் முன்பைவிடப் பெரிதாக வந்தது.

காரணத்தைச் சொன்னது அவருடைய அக்கா மகள். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவள்.

"மாமா, கொப்புளம் தோல் தேய்றதால மட்டும் வர்றதில்லீங்க. இழுபடறதால வருது" என்றாள்.

நடக்கும்போது பாதத்தின் எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்கிறது. மேல்தோல் சாக்ஸோடும் ஷூவோடும் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால், நடுவில் இருக்கும் தோல் அடுக்குகள் இழுபடுகின்றன. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு அந்த அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம். ஈரம் இதை மோசமாக்குகிறது. உலர்ந்த விரலைக் கண்ணாடியில் தேய்த்தால் வழுக்கிப் போகும், லேசாக ஈரமான விரல் பிடித்துக்கொண்டு கிறீச்சிடும். வியர்த்த பாதமும் சாக்ஸை அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது.

பருத்தி நூல் தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. அதனால் பருத்தி சாக்ஸ் நனைந்தால் நனைந்தபடியே தோலோடு இருக்கிறது. பாலியஸ்டர் நூல் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். அது இழைகளுக்கு நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, வியர்வையைத் தோலிலிருந்து வெளிப்பக்கம் கடத்துகிறது. நைலான் இரண்டுக்கும் நடுவில். அது தேயாமல் உழைக்கும் என்பதால் குதிகாலிலும் விரல் பகுதியிலும் சேர்க்கிறார்கள். கம்பளி நூல் நிறைய ஈரத்தை உள்வாங்கினாலும் தொடுவதற்குச் சொதசொதவென்று இருக்காது, நாற்றமும் எளிதில் பிடிக்காது. ஆனால் நல்ல மெரினோ கம்பளி சாக்ஸ் விலை அதிகம். 'மூங்கில் சாக்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் இழை. மென்மையாக இருக்கும், ஆனால் பருத்தியைவிட அதிகமாகவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"அப்ப லேபிளைப் பார்த்து வாங்கினாப் போதுமா, அம்மணி?" என்று கேட்டார் அவர்.

"பாதி போதும். மீதிக்கு சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்க மாமா" என்றாள் அவள்.

நல்ல மெத்தை உள்ள சாக்ஸைத் திருப்பினால், டர்க்கி டவலில் இருப்பதுபோல் குட்டிக் குட்டி நூல் வளையங்கள் தெரியும். இதை டெர்ரி பின்னல் என்பார்கள். பாதம் நகரும்போது இந்த வளையங்கள் அதோடு சேர்ந்து சாய்ந்து கொடுக்கும். தோல் இழுபட வேண்டிய தூரத்தை நூல் வாங்கிக்கொள்கிறது. துணி தடிமனாக இருப்பதால் மட்டும் இது கிடைக்காது. அவர் வாங்கிய காட்டன் சாக்ஸ் தடிமன்தான், ஆனால் உள்பக்கம் தட்டையாக இருந்தது.

இழையும் மெத்தையும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த கால் மருத்துவ நிபுணர்கள் ஹெர்ரிங், ரிச்சி இருவரும் 1990-ல் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஒரே மாதிரி அடர்த்தியான மெத்தை வைத்த பருத்தி சாக்ஸையும் அக்ரிலிக் சாக்ஸையும் கொடுத்துப் பார்த்தார்கள். அக்ரிலிக் போட்டவர்களுக்குக் கொப்புளம் குறைவாக வந்தது. 1993-ல் சாதாரண மெத்தை உள்ள சாக்ஸில் அதே சோதனையைச் செய்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது, செயற்கை இழை என்று லேபிளில் இருப்பது மட்டும் காலைக் காப்பாற்றாது.

அவருடைய பழைய நைலான் சாக்ஸ் தோற்றதும் இதனால்தான். இழை பரவாயில்லை, ஆனால் உள்ளே மெத்தை இல்லை. அதோடு எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்த அந்த சாக்ஸின் குதிகால் மடிப்பு, அவருடைய குதிகாலில் உட்காராமல் கணுக்காலுக்கு மேலே போய் நின்றது. சுருங்கிய இடமெல்லாம் கொப்புளத்துக்கு வாசல்.

இருவரும் கடைக்குப் போனது மாலை 6 மணிக்கு. நாள் முழுக்க நின்ற பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அப்போது பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். டியூட்டி ஷூவையும் கையோடு கொண்டுபோனார்கள். முதலில் எடுத்தது மேலும் கீழும் முழுக்க மெத்தை உள்ள விளையாட்டு சாக்ஸ். அதைப் போட்டு ஷூவுக்குள் கால் விட்டதும் விரல்களை அசைக்க முடியவில்லை. மெத்தை ஷூவுக்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும். இறுக்கம் கூடினால் அழுத்தமும் கூடும், கொப்புளம் இடம் மாறி வரும். அதை வைத்துவிட்டு, குதிகாலிலும் பாதத்துக்கு அடியிலும் மட்டும் வளையங்கள் உள்ள ஒன்றை எடுத்தார்கள். லேபிளில் பாலியஸ்டர் பாதிக்கு மேல், அடுத்து பருத்தி, பிறகு நைலான், கடைசியில் கொஞ்சம் எலாஸ்டேன். லேபிளில் நைலானைப் பாலியமைடு என்றும், எலாஸ்டேனை ஸ்பான்டெக்ஸ் என்றும் போட்டிருப்பார்கள். முதலில் எழுதியிருப்பதுதான் வழக்கமாக அதிகம் கலந்த இழை.

விரல் பக்கத்துத் தையலை அவள் நகத்தால் தடவிப் பார்த்தாள். மேடாகத் தட்டுப்பட்ட ஜோடியை ஒதுக்கினாள். கணுக்கால் பட்டை ஆழமாகத் தடம் பதிக்கும் ஜோடியையும் ஒதுக்கினாள். சர்க்கரை உள்ள காலில் ரத்த ஓட்டத்தை அது இறுக்கக் கூடாது. கடைசியில் வெளிர்நிறத்தில் 6 ஜோடி எடுத்தார்கள். கறுப்புதான் யூனிஃபார்முக்கு ஏற்றது என்றார் அவர். பேன்ட் மறைத்துவிடும் என்றாள் அவள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வலிக்காது, வெள்ளைத் துணியில் படும் ரத்தக் கறைதான் முதலில் சொல்லும்.

6 ஜோடி எதற்கு? அங்கேதான் நாற்றத்தின் கணக்கு வருகிறது. வியர்வைக்கு வாசனையே கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் ஈரத்தில் பெருகி, வியர்வையையும் உதிரும் தோலையும் சிதைக்கும்போது ஐசோவேலரிக் அமிலம் போன்றவை உண்டாகின்றன. அந்தப் புளித்த நெடி அதுதான். பாலியஸ்டரின் பலவீனமும் இங்கேதான். நாற்றம் தரும் எண்ணெய்ப் பசையான பொருட்கள் அதில் ஒட்டிக்கொண்டால் லேசான அலசலில் போகாது. அதுமட்டுமல்ல, பாலியஸ்டர் வியர்வையை வெளிப்பக்கம் கடத்தினாலும், தோல் ஷூவுக்குள் அந்த ஈரம் எங்கே போகும்? வலைத்துணி வைத்த ஓட்ட ஷூவில் காற்றோடு போய்விடும். மூடிய ஷூவில் சில மணி நேரத்தில் சாக்ஸ் நிறைந்துவிடும், அதன் பிறகு எந்த இழையாலும் பயனில்லை.

அதனால் ஒரு நாளைக்கு 2 ஜோடி. மதியம் சாப்பிட்டதும் 2 மணிக்கு ஷூவைக் கழற்றி, விரல் இடுக்குகளைத் துண்டால் துடைத்து, 10 நிமிடம் காற்றாட விட்டு, அடுத்த ஜோடியைப் போட வேண்டும். கழற்றியதை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் துவைக்க வேண்டும், பாக்டீரியா இருப்பது அந்தப் பக்கத்தில்தான். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது இழைமேல் படலமாகப் படிந்து ஈரம் கடத்துவதைக் கெடுத்துவிடும். இரவில் ஷூவின் உள்தகட்டைத் தனியே எடுத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைக்க வேண்டும். ஷூ ஈரமாகவே இருந்தால் புது சாக்ஸுக்கும் அரை மணி நேரத்தில் பழைய வாசனைதான்.

3 வாரத்தில் குதிகாலும் பாதத்தின் முன்மேடும் தெளிந்துவிட்டன. நாற்றமும் அடங்கியது. ஆனால் இடது சுண்டுவிரலில் மட்டும் கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தது. ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவியபோது, அதே இடத்தில் உள்தையல் புடைத்திருந்தது. அது சாக்ஸால் தீராத கோளாறு. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தட்டிச் சரிசெய்த பிறகுதான் நின்றது.

இப்படி ஒரே இடத்தில் மட்டும் கொப்புளம் வந்தால் முதலில் ஷூவைப் பாருங்கள். பல இடங்களில் வந்தால் சாக்ஸைச் சந்தேகப்படுங்கள். சாக்ஸ் மாற்றியும் நாற்றம் போகாமல், உள்ளங்காலில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகளோ விரல் இடுக்கில் அரிப்போ வெடிப்போ இருந்தால் அது தோல் மருத்துவர் பார்க்க வேண்டிய தொற்று. சர்க்கரை உள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் வீட்டில் உடைக்க வேண்டாம்.

சாக்ஸுக்கும் ஆயுள் உண்டு. பழைய ஜோடியை உள்பக்கம் திருப்பி, குதிகால் பகுதியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நூல் வளையங்கள் படிந்து தட்டையாகி, அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால், ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம். அதன் வேலை முடிந்துவிட்டது.