காசி ரயிலில் விலை கேட்பது

மயிலாடுதுறை–திருவாரூர் பாதையில் இருக்கும் நன்னிலத்தில் ரயிலேறிச் சென்னை போய், அங்கிருந்து காசிக்குப் புறப்படுகிறவருக்கு விஜயவாடாவையும் வாரங்கலையும் தாண்டும்வரை காதில் விழுவது தெலுங்கு. பல்லார்ஷாவில் மராட்டி தொடங்கும். நாக்பூர் தாண்டி இட்டார்சி வந்தபின் ஜபல்பூர், சத்னா, வாரணாசி எங்கும் இந்திதான். இந்தி வேண்டுமா என்ற வழக்கு வேறு, பசி வேறு. ‘முப்பது நாளில் இந்தி’ வகைப் புத்தகங்கள் நமக்குக் கேள்விகளை மனப்பாடம் செய்துவைக்கின்றன. ஆனால் சிக்கல் பதிலில் இருக்கிறது. இருபதும் ஐந்தும் தெரிந்தால் தமிழில் இருபத்தைந்தைக் கட்டிவிடலாம். இந்தியில் நூறுவரை பெரும்பாலும் ஒவ்வோர் எண்ணுக்கும் தனி உருவம். ஆகவே பயணி முதலில் படிக்க வேண்டியது எண்களை.

ஜபல்பூரில் ஓர் உணவகத்தில் பேச்சு இப்படிப் போகும். “பையா, தாலீ கித்னே கீ ஹை?” (அண்ணே, சாப்பாடு என்ன விலை?) “டேட் சௌ.” (நூற்றைம்பது.) “ரோட்டி நஹீ, சாதா சாவல் தீஜியே. தஹீ மிலேகா?” (ரொட்டி வேண்டாம், வெறுஞ்சோறு கொடுங்கள். தயிர் கிடைக்குமா?) “மிலேகா, பச்சீஸ் அலக் ஸே.” (கிடைக்கும், தனியாக இருபத்தைந்து.) தாலீ பெண்பால் என்பதால் ‘கீ’; ‘கா’ என்றாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். ‘தஹீ’யின் முதலெழுத்தைப் ‘பந்து’வின் ‘து’ போல மென்மையாகச் சொல்ல வேண்டும். ‘பையா’வின் ‘பை’ ‘பம்பை’யில் வருவது போல, கொஞ்சம் மூச்சுடன். சோறு போதுமென்றால் ‘பஸ்’.

ஏமாறும் இடம் பச்சீஸ். ஐம்பதுக்குப் பச்சாஸ், இருபத்தைந்துக்குப் பச்சீஸ். தொடக்கத்தை விட்டுவிட்டு வாலைக் கேட்க வேண்டும். தஸ் பத்து, பீஸ் இருபது, தீஸ் முப்பது, சாலீஸ் நாற்பது. அடுத்தது பின்னம். நாம் ஒன்றரை லட்சம் என்போம், ஒன்றரை நூறு என்பதில்லை. அவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்: சவா சௌ 125, டேட் சௌ 150, டாயீ சௌ 250, சாடே தீன் சௌ 350. விலைகள் பெரும்பாலும் ஐந்திலும் பத்திலும் முடிவதால் கொஞ்சம் சொற்களே போதும்.

கைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொன்னால் ஆகாதா என்று கேட்கலாம். உட்கார்ந்து சாப்பிடும் கடையில் ஆகும். இரண்டு நிமிடம் நிற்கும் ரயிலின் ஜன்னலோரத்தில், கையில் தேநீர்த் தூக்கோடு நிற்பவருக்கு அதற்கு நேரமில்லை. தண்ணீர் பாட்டிலில் விலை அச்சாகியிருக்கும், சமோசாவில் இருக்காது.

வாரணாசியில் இனிப்புக் கடையில் இன்னொரு பொறி உண்டு. அங்கே ‘டாயீ சௌ’ என்றால் ரூபாயாகவும் இருக்கலாம், கிராமாகவும் இருக்கலாம். கால் கிலோவுக்கு ‘ஏக் பாவ்’ என்று கேட்டுவிட்டால் குழப்பம் தீரும். விலையைப் பெரும்பாலும் கிலோவுக்குத்தான் சொல்வார்கள். ‘சார் சௌ’ என்றால் கிலோ நானூறு, நாம் நீட்ட வேண்டியது நூறு.